அப்லோட் முடிஞ்சுது எண்டால் கார்டை அழிக்கலாமா?

இந்தக் கிழமை எபிசோடில் வீடியோக்களைத் தானாகவே கிளவுட்டுக்கு அனுப்புவதைப் பற்றிக் கொஞ்சம் கதைத்தோம். நேரம் போதவில்லை. சொல்ல நினைத்து விட்டுப்போன பாதியை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், கோப்பியோடு வாசியுங்கள்.

என் கருத்தை முதலே சொல்லிவிடுகிறேன். நாங்கள் எழுதும் அப்லோட் ஸ்கிரிப்ட்களில் பாதிக்கு மேல் தவறான கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன. "ஃபைல் போய்ச் சேர்ந்துதா?" என்று அவை கேட்கின்றன. உண்மையில் கேட்க வேண்டியது, "இப்ப என்னட்டை இருக்கிற ஒரிஜினலை நான் அழிக்கலாமா?" என்பதுதான். முதல் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தாலும் இரண்டாவதற்கு இல்லை என்று வரலாம்.

பிராண்டே சின்ன ஊர். டேனிஷ்காரருக்குக் காற்றாலைத் தொழிற்சாலை என்றால் ஞாபகம் வரும், எங்கள் ஆட்களுக்கு அபிராமி அம்மன் கோவில். கோவில் திருவிழா, கலியாணம், சாமத்திய வீடு, அரங்கேற்றம் என்று கோடைகாலம் முழுக்க இந்தப் பக்கத்தில் யாரோ ஒருவர் கமரா பிடித்துக்கொண்டே இருப்பார். பெரும்பாலும் அவருக்கு அது பகுதிநேர வேலை. பகலில் தொழிற்சாலை, இரவில் எடிட்டிங். எடுத்த வீடியோவைக் கொம்பியூட்டரில் வைத்திருக்க இடமில்லை, கார்டுகள் அடுத்த சனிக்கிழமைக்குத் தேவை. அதனால் தானாக அப்லோட் செய்து, தானாக அழிக்கும் ஒரு ஸ்கிரிப்ட் வேண்டும் என்று கேட்பார்கள். நியாயமான ஆசைதான்.

எனக்குத் தெரிந்த ஒரு அண்ணைக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம்.

மூன்று மணித்தியால அரங்கேற்றம். மூன்று கமரா. முழுதாக எடிட் செய்து முடித்தால் விநாடிக்கு 24 மெகாபிட் வீதம் ஏறக்குறைய 32.4 ஜிபி வரும். அவருடைய வீட்டு இணைப்பில் மேலேற்றும் வேகம் 50 மெகாபிட், ஆகவே ஒன்றரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவாக எடுக்கும். இரவு எக்ஸ்போர்ட்டைப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டார். எக்ஸ்போர்ட் ஃபைல் நேராகவே ஸ்கிரிப்ட் கவனித்துக்கொண்டிருந்த ஃபோல்டருக்குள் எழுதப்பட்டது. ஸ்கிரிப்ட் ஒன்றும் மோசமானதில்லை. ஃபைல் பத்து நிமிடம் மாறாமல் இருந்தால் மட்டும் எடுக்கும், துண்டு துண்டாக அனுப்பும், துண்டு விழுந்தால் திரும்ப அனுப்பும், கடைசியில் செக்சம் ஒப்பிடும், சரியென்றால் உள்ளே இருப்பதை அழிக்கும்.

நடுச்சாமத்தில் டிஸ்க் நிரம்பிவிட்டது. எக்ஸ்போர்ட் 19.1 ஜிபியில் நின்றது. திரையில் ஒரு பிழைச்செய்தி, பார்க்க ஆளில்லை. அரைகுறை ஃபைல் அப்படியே கிடந்தது. பத்து நிமிடம் மாறவில்லை. ஸ்கிரிப்ட் அதை எடுத்து, ஒரு பைட் பிசகாமல் கிளவுட்டுக்கு அனுப்பி, செக்சம் ஒப்பிட்டு, சரியென்று எழுதி, உள்ளே இருந்ததை அழித்தது. அவர் காலையில் எழும்பிப் பார்த்தார், பச்சை டிக். கார்டுகளை ஃபோர்மற் பண்ணினார்.

இரண்டு கிழமைக்குப் பிறகு பிள்ளையின் அம்மா, "தம்பி, அந்த லிங்க் ஓடுதில்லை" என்று எடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

இதிலே எந்தச் செக்சமும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். செக்சம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இங்கே இருந்ததும் அங்கே இருப்பதும் ஒன்று. இங்கே இருந்தது நல்லதா, முழுசா என்று அதற்குத் தெரியாது. அழுகின மாங்காயை நிறுத்து அனுப்பினாலும் எடை சரியாகத்தான் இருக்கும்.

இன்னொரு கொடுமை, `.mp4` ஃபைலின் அமைப்பு. படமும் ஒலியும் எங்கே தொடங்குகின்றன, எந்த ஃபிரேம் எந்த இடத்தில் என்ற அட்டவணை `moov` என்ற பகுதியில் இருக்கும். அதைப் பொதுவாக எக்ஸ்போர்ட்டின் கடைசியில்தான் எழுதுவார்கள், ஏனென்றால் முழுக்க முடிந்தால்தான் அந்த அட்டவணை தெரியும். இடையில் நின்றுபோன ஃபைலில் அது இல்லை. 19 ஜிபி படம் உள்ளே இருக்கும், ஆனால் ஒரு விநாடிகூட ஓடாது. அப்பா அம்மாவின் காலத்து விஎச்எஸ் கசெட்டில் பூச்சி பூச்சியாகக் கோடு விழுந்தாலும் தாலி கட்டுவது தெரியும். எங்கள் ஃபைலுக்கு அந்தத் தாராளம் கிடையாது.

அண்ணையின் ஃபைலை `untrunc` என்ற கருவியால் ஓரளவு மீட்க முடிந்தது. அதே அமைப்பில் செய்த நல்ல ஃபைல் ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், அது உடைந்த ஃபைலுக்கு அட்டவணையைத் திரும்பக் கட்டிக் கொடுக்கும். 19.1 ஜிபி என்றால் கிட்டத்தட்ட ஒரு மணி 46 நிமிடம். மிச்ச 74 நிமிடத்தில் தில்லானா இருந்தது, மங்களம் இருந்தது, அம்மம்மா மேடையேறி மாலை போட்டது இருந்தது. அது ஒரு இடத்திலும் இல்லை.

ஆகவே அனுப்புவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைதான் முதல் வேலை. எக்ஸ்போர்ட் ஒரு ஃபோல்டருக்குள், அனுப்பும் ஃபோல்டர் வேறு. இரண்டுக்கும் இடையில் ஒரு வாசல் வையுங்கள்:

```
ffprobe -v error -show_entries format=duration \
  -of csv=p=0 arangetram.mp4
ffmpeg -v error -i arangetram.mp4 -f null -
sha256sum arangetram.mp4 > arangetram.mp4.sha256
mv arangetram.mp4 arangetram.mp4.sha256 ../anuppu/
```

முதல் கட்டளை நீளத்தை விநாடியில் சொல்லும். எடிட்டிங் டைம்லைன் மூன்று மணித்தியாலம் என்றால் 10800க்குக் கிட்ட வரவேண்டும். அண்ணையின் ஃபைலாக இருந்தால் இங்கேயே `moov atom not found` என்று கத்தியிருக்கும். இரண்டாவது கட்டளை முழு வீடியோவையும் ஒருமுறை உள்ளுக்குள் ஓட்டிப் பார்த்துப் பிழைகளை மட்டும் காட்டும். அது ஒன்றுமே எழுதாமல் முடிந்தால்தான் நல்லது. வெளியேறும் குறியீட்டை மட்டும் நம்பாதீர்கள், சில பிழைகளைச் சொல்லிவிட்டும் அது பூச்சியத்தோடு வெளியேறும். நேரம் எடுக்கும், ஆனால் இரவில் உங்களுக்கு வேறு என்ன வேலை?

மூன்றாவது, செக்சத்தை அது பிறந்த இடத்திலேயே எடுத்து வைப்பது. நான்காவது `mv`. இரண்டு ஃபோல்டரும் ஒரே டிஸ்கில் இருந்தால் இது வெறும் பெயர் மாற்றம், கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும், அரைகுறை ஃபைல் என்ற நிலையே வராது. வேறு வேறு டிஸ்க் என்றால் அதே `mv` சத்தமில்லாமல் கொப்பி ஆகிவிடும், அனுப்பும் ஸ்கிரிப்ட் பாதியில் பிடிக்கலாம். அதனால் ஒரே டிஸ்கில் வையுங்கள்.

"சரி, இவ்வளவு செய்தால் போற வழியிலை என்ன பிழைக்கப் போகுது, எல்லாம் எச்டிடிபிஎஸ் தானே?" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. எச்டிடிபிஎஸ் வழியைக் காக்கும். வழியின் இரண்டு முனைகளையும் காக்காது.

2008 ஜூனில் அமேசன் எஸ்3க்கு நடந்தது இதற்குச் சரியான உதாரணம். அமெரிக்காவில் அவர்கள் புதிதாகப் பூட்டிய ஒரே ஒரு லோட் பேலன்ஸர், சுமை கூடும்போது இடைக்கிடை ஒவ்வொரு பைட்டை மாற்றி விட்டுக்கொண்டிருந்தது. வெள்ளி இரவு சேவைக்கு வந்து ஞாயிறு காலையில்தான் கழற்றினார்கள். ஃபைலோடு எம்டி5 செக்சத்தையும் `Content-MD5` என்ற தலைப்பில் அனுப்பியவர்களுக்கு எஸ்3 பிழை சொல்லித் திருப்பி அனுப்பியது, அவர்கள் திரும்ப அனுப்பினார்கள், தப்பினார்கள். அனுப்பாதவர்களின் ஃபைல் "சரி" என்ற பதிலோடு பழுதாகவே உள்ளே போனது. அமேசனுக்கும் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை, ஏனென்றால் சரியான ஃபைல் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று யாரும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. ஃபைலின் அளவும் மாறவில்லை. அளவை மட்டும் ஒப்பிடும் ஸ்கிரிப்ட் அன்றைக்கு முழுக்கப் பச்சை டிக்தான் போட்டிருக்கும்.

ஏன் இதைப் பழைய கதை என்று தள்ளாமல் சொல்கிறேன் என்றால், அளவை மட்டும் ஒப்பிடும் ஸ்கிரிப்ட்களை இன்றைக்கும் பார்க்கிறேன். அது எப்படி உருவாகிறது என்றும் தெரியும். ஒருவர் ஆர்வமாகச் செக்சம் ஒப்பிடும் வரியை எழுதுவார். சின்ன ஃபைலில் வேலை செய்யும். பெரிய வீடியோவைப் போட்டதும் ஒருநாளும் பொருந்தாது. இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டு, "செக்சம் வேலை செய்யுதில்லை" என்று அந்த வரியை மூடிவிட்டு, அளவை மட்டும் வைத்துக்கொள்வார்.

காரணம் எஸ்3 காட்டும் `ETag`. சின்ன ஃபைலை ஒரே தடவையில் அனுப்பினால், சாதாரண அமைப்பில், அது ஃபைலின் எம்டி5 தான். பெரியதைத் துண்டுகளாக அனுப்பினால் ஒவ்வொரு துண்டுக்கும் எம்டி5 எடுத்து, அவற்றை வரிசையாக ஒட்டி, அந்த ஒட்டலுக்கு இன்னொரு எம்டி5 எடுத்து, பின்னால் ஒரு கோடும் துண்டுகளின் எண்ணிக்கையும் போடும். எங்கள் 32.4 ஜிபியை 8 மெபிபைட் துண்டுகளாக அனுப்பினால் `-3863` என்று முடியும். அதே ஃபைலை 64 மெபிபைட் துண்டுகளாக அனுப்பினால் `-483`, முன்னால் உள்ள எழுத்துகளும் வேறு. ஃபைல் ஒன்றுதான், `ETag` இரண்டு. கோடு போட்ட `ETag`-ஐ உங்கள் `md5sum` உடன் ஒப்பிட்டால் பொருந்தவே பொருந்தாது. பிழை ஃபைலில் இல்லை.

2024 டிசம்பரிலிருந்து எஸ்3 புதிதாக வரும் ஃபைல்களுக்குத் தானாகவே சிஆர்சி வகைச் செக்சம் ஒன்றைப் போட்டு வைக்கிறது, துண்டாக வந்தாலும் முழு ஃபைலுக்கும் ஒரே எண். இது நல்ல முன்னேற்றம். ஆனால் புதிய கருவிகளைப் பாவித்தால்தான் அந்த எண் உங்கள் பக்கத்திலேயே கணக்கிடப்பட்டு ஃபைலோடு போகும். பழைய கருவி ஒன்றும் அனுப்பாவிட்டால் எஸ்3 தனக்கு வந்து சேர்ந்ததற்குத்தான் எண் போடும். 2008 கதை மாதிரி வழியில் கெட்டு வந்திருந்தால், கெட்டதற்குச் சரியான எண்.

`rclone` பாவிப்பவர்களுக்கும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அது துண்டாக அனுப்பும்போது ஃபைலின் எம்டி5-ஐ நீங்களே எழுதி ஒட்டிய ஒரு சீட்டாகக் கூடவே சேமிக்கும். பிறகு சாதாரணமாக `rclone check` போட்டால் அந்தச் சீட்டைத்தான் வாசிக்கும். பார்சலில் "உள்ளே பத்து முட்டை" என்று நீங்கள் எழுதியதை நீங்களே திரும்ப வாசித்துத் திருப்திப்படுவது போல. முட்டையை எண்ண வேண்டுமென்றால் பெட்டியைத் திறக்க வேண்டும்:

```
rclone copy . arkkaivu:vizha --retries 5
rclone checksum sha256 arangetram.mp4.sha256 \
  arkkaivu:vizha --download --one-way
```

இரண்டாவது கட்டளை ஃபைலை உண்மையாகவே திரும்ப இறக்கி, செக்சம் கணக்கிட்டு, எக்ஸ்போர்ட் முடிந்த உடனே எழுதி வைத்த எண்ணோடு ஒப்பிடுகிறது. டிஸ்கில் சேமிக்காது, இறக்கிக்கொண்டே கணக்கிடும். 200 மெகாபிட் இணைப்பில் எங்கள் அரங்கேற்றத்துக்கு 22 நிமிடம். "இறக்கினால் காசு எடுப்பாங்களே" என்பீர்கள். அமேசனில் மாதம் முதல் 100 ஜிபி வெளியே எடுப்பது இலவசம், இந்த அளவில் மூன்று வீடியோ அதற்குள் அடங்கும். அதற்கு மேல் போனாலும் ஒரு அரங்கேற்றத்துக்குச் செலவழிக்கும் பூவின் விலைகூட வராது.

எக்ஸ்போர்ட் முடிந்ததும் எடுத்த எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணம் உண்டு. ஸ்கிரிப்ட் டிஸ்கிலிருந்து ஒரு துண்டை வாசித்து, அந்த வாசித்ததற்கே செக்சம் போட்டு, அதையே அனுப்பினால், டிஸ்கோ மெமரியோ வாசிக்கும்போதே ஒரு பைட்டைப் பிழையாகக் கொடுத்திருந்தால் பிழைக்கும் செக்சம் போட்டுவிடும். எல்லாம் பொருந்தும். முன்பே எடுத்த எண் இருந்தால் மட்டும்தான் பொருந்தாமல் போய் மாட்டும்.

இனி திரும்ப முயற்சிப்பது, அதாவது ரீட்ரை. இதிலே என் கருத்து கொஞ்சம் கடுமை. எத்தனை முறை என்று எல்லாரும் யோசிக்கிறார்கள், எதற்கு என்று யோசிப்பதில்லை. 483 துண்டில் 311ஆவது போகும்போது இணைப்பு விழுந்தால் அந்தத் துண்டை மட்டும் திரும்ப அனுப்பலாம், ஒரு விநாடி, இரண்டு, நாலு, எட்டு என்று இடைவெளியைக் கூட்டி, கொஞ்சம் தற்செயலும் கலந்து. டைம்அவுட், 500, 503 எல்லாம் இந்த வகை. 403 என்று வந்தால் உங்கள் சாவி சரியில்லை. நூறு முறை தட்டினாலும் கதவு திறக்காது, உடனே நின்று உங்களுக்குச் செய்தி அனுப்ப வேண்டும்.

செக்சம் பொருந்தவில்லை என்ற பிழை மூன்றாவது வகை, எஸ்3 அதை `BadDigest` என்று சொல்லும். இதை நெட்வேர்க் பிழையோடு ஒரே கணக்கில் போடாதீர்கள். ஒருமுறை திரும்ப அனுப்புங்கள், பரவாயில்லை. ஆனால் தனியாக எண்ணுங்கள், பதிவு செய்யுங்கள். மாதத்தில் இரண்டு மூன்று முறை வந்தால் உங்கள் மெமரியோ டிஸ்கோ கேபிளோ போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பத்து முறை ரீட்ரை செய்து கடைசியில் பச்சை டிக் போடும் ஸ்கிரிப்ட் அந்த எச்சரிக்கையை விழுங்கிவிடும். மெமரி பழுதான கொம்பியூட்டரில் நீங்கள் அடுத்த கலியாணத்தையும் எடிட் செய்துகொண்டிருப்பீர்கள்.

பாதியில் கைவிட்ட அப்லோட்களின் துண்டுகள் கிளவுட்டில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும், சாதாரணமாக லிஸ்ட் எடுத்தால் வராது, ஆனால் மாதாமாதம் பில்லில் வரும். `AbortIncompleteMultipartUpload` என்ற விதியை ஏழு நாள் என்று போட்டுவிடுங்கள், ஒருமுறை செய்தால் போதும்.

ஃபைல் பெயரைப் பற்றியும் ஒன்று. தமிழில் பெயர் வைக்க ஆசை எனக்கும் உண்டு. ஆனால் "கோவில்" என்பதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலும் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, பைட்டில் இரண்டு. பழைய மக் டிஸ்குகள் பிரித்து வைக்கும், மற்றவை பெரும்பாலும் சேர்த்து வைக்கும். எஸ்3க்கு அவை இரண்டு வேறு ஃபைல். டேனிஷ் å எழுத்துக்கும் இதே சிக்கல் உண்டு, ø, æ தப்பிவிடும். அதனால் கிளவுட்டில் சாதாரண ஆங்கில எழுத்தும் திகதியும் வையுங்கள், தமிழ்ப் பெயரை வீடியோவின் தலைப்பில் போடுங்கள். பெயரில் அப்லோட் செய்த நேரத்தை மட்டும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் ஒவ்வொரு ரீட்ரையும் ஒரு புதுக் கொப்பியாகிவிடும். அதே பெயரில் போனால் பழையதன் மேல் விழும், அவ்வளவுதான்.

கடைசியாக, அழிக்கும் கட்டளை. அதை அப்லோட் ஸ்கிரிப்ட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள் என்று அண்ணையிடம் சொன்னேன். இப்போது அது தனி ஸ்கிரிப்ட், காலை பத்து மணிக்கு ஓடும். `.sha256` ஃபைல் இருந்து, `rclone checksum` பூச்சியத்தோடு முடிந்து, அதற்குப் பிறகு மூன்று நாள் போயிருந்தால் மட்டும் எக்ஸ்போர்ட்டை அழிக்கும். கார்டுகளை அது தொடவே தொடாது. அவர் இன்னும் நாலு கார்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி நிகழ்வின் பெயரை எழுதி, குடும்பம் வீடியோவைப் பார்த்துவிட்டோம் என்று சொன்ன பிறகுதான் டேப்பைக் கிழிக்கிறார்.